கிலோ கணக்கா, பீஸ் கணக்கா?

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்டுக்காகக் காத்து நிற்கும்போது கண்ணில் படும் காகிதங்கள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். தொட்டி கழுவும் தேதி, பராமரிப்புக் கட்டண நினைவூட்டல், இவற்றுக்கு நடுவே ஒரு சலவை விளம்பரம். வீட்டுக்கே வந்து துணியை எடுத்துப்போவார்கள், 24 மணி நேரத்தில் திருப்பித் தருவார்கள், கிலோவுக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு, எல்லாத் துணிக்கும் தனிக் கவனிப்பு. நேரம், விலை, பராமரிப்பு என்று மூன்று வாக்குறுதிகள்.

மூன்றும் தனித்தனி என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். சலவைக்கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. உங்களிடம் எந்தக் கணக்கில் காசு வாங்குகிறார்கள் என்பதிலேயே, உங்கள் சட்டை யாருடைய துணியோடு எந்த மெஷினில் விழும், எத்தனை நாளில் திரும்பும் என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது. ஆகவே அந்த விளம்பரத்தில் முதலில் பார்க்க வேண்டியது ரூபாய் எண்ணை அல்ல, அதற்குப் பக்கத்தில் இருப்பது கிலோவா பீஸா என்பதைத்தான்.

கிலோ கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். பையன் வாசலில் வந்து நிற்பான். கையில் லக்கேஜ் நிறுக்கிற மாதிரி ஒரு தொங்கு தராசு. பையை மாட்டுவான், எடையைச் சொல்வான், எடுத்துக்கொண்டு போவான். அந்தப் பை கடைக்குப் போனதும் பெரும்பாலும் ஒரே மெஷினுக்குள் மொத்தமாகப் போகும். உங்கள் வீட்டுத் துணி உங்கள் வீட்டுத் துணியோடு மட்டும் துவைபடும். மற்றவர் துணியோடு கலக்க மாட்டோம் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவது இதைத்தான். பெருமைக்குப் பின்னால் ஒரு சௌகரியமும் இருக்கிறது. பை பிரியாமல் இருந்தால் ஒவ்வொரு துணிக்கும் அடையாளம் கட்ட வேண்டாம், பிரித்துச் சேர்க்க ஆள் வேண்டாம். கிலோ விலை மலிவாக இருப்பதன் ரகசியம் அதுதான். குறைந்தது மூன்று கிலோ, நான்கு கிலோ தர வேண்டும் என்று நிபந்தனை போடுவதும் அதனால்தான். இரண்டு கிலோவுக்காக ஓடினாலும் மெஷின் ஒரு முழுச் சுற்று ஓடித்தான் ஆக வேண்டும்.

பீஸ் கணக்கு இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு துணியிலும் ஒரு சிறு சீட்டு ஏறும். பிறகு பை கலைந்துவிடும். உங்கள் வெள்ளைச் சட்டை பத்து வீடுகளின் வெள்ளைச் சட்டைகளோடு ஒரு சுற்றிலும், உங்கள் கருப்புப் பேன்ட் பிறர் கருப்புப் பேன்ட்டுகளோடு வேறொரு சுற்றிலும் போகும். துணியின் நிறமும் ரகமும் பார்த்துத் துவைக்க இதுவே சரியான வழி. கடைசியில் சீட்டைப் பார்த்துப் பார்த்து மறுபடி வீடு வீடாகச் சேர்க்க வேண்டும். வேலை கூடுகிறது, விலையும் கூடுகிறது.

இந்தச் சீட்டு ஒன்றும் புதிதல்ல. நம் ஊர் சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் புள்ளியும் கோடுமாகக் குறி போட்டுவந்தார்கள். எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் போகாத கருப்பு. ஆங்கிலேயர்கள் அந்தக் கொட்டைக்கு ‘மார்க்கிங் நட்’ என்றே பெயர் வைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வியாபாரத்துக்காக வெளுப்பவர்கள் குடியேறிய இடம்தான் இன்றைய வண்ணாரப்பேட்டை. இன்று சேங்கொட்டைக்குப் பதிலாகக் கணினியில் அச்சான பட்டை. அடையாளம் கட்டாமல் பல வீட்டுத் துணியை ஒன்றாகத் துவைக்க முடியாது என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

ஆக, இரண்டு முறைக்கும் இரண்டு விதமான ஆபத்து. பீஸ் கணக்கில் துணி மாறிப்போகலாம், காணாமல் போகலாம். கிலோ கணக்கில் துணி பத்திரமாகத் திரும்பும். ஆனால் சாயம் ஏறித் திரும்பலாம். புதிதாக வாங்கிய கருநீலக் குர்தியும் அப்பாவின் வெள்ளை பனியனும் ஒரே பையில் போனால் ஒரே தண்ணீரில்தான் குளிக்கும். நல்ல கடைகளில் பையைத் திறந்து வெளிர் நிறத்தைத் தனியாகவும் அடர்நிறத்தைத் தனியாகவும் இரண்டாகப் பிரிப்பார்கள். எல்லாக் கடையிலும் அதை எதிர்பார்க்க முடியாது. கிலோ கணக்கில் தருகிறவர்கள் தாங்களே இரண்டு பையாகக் கட்டிக் கொடுப்பது நல்லது. சந்தேகமான துணி என்றால் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை ஈரமாக்கி, குர்தியின் உள்மடிப்பில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அது கிலோப் பைக்குள் போகக் கூடாத துணி.

அடுத்தது நேரம். 24 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே, துணி துவைக்க ஒரு நாளா ஆகும்? ஆகாது. மெஷினில் முக்கால் மணி நேரம், உலர்த்தும் டிரையரில் ஏறக்குறைய அதே அளவு, மடிக்கவும் தேய்க்கவும் இன்னொரு மணி நேரம். எல்லாம் சேர்த்தாலும் மூன்று மணி நேர வேலை. மீதி முழுக்கக் காத்திருப்பு. காலை எட்டு மணிக்கு எடுத்த பை, அந்தப் பையன் இன்னும் இரண்டு குடியிருப்புகளில் ஏறி இறங்கிய பிறகு பகல் பன்னிரண்டுக்குத்தான் கடை சேரும். அங்கே அதற்கு முன் வந்த பைகள் வரிசையில் இருக்கும். மாலை துவைத்து முடித்தாலும், தேய்ப்பவர் மறுநாள் காலைதான் வருவார். வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. ஆக, மூன்று மணி நேர வேலைக்கு ஒன்றரை நாள்.

இதில் கவனிக்க வேண்டியது, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பது. பல இடங்களில் 24 மணி நேரம் என்பது துணி கடைக்கு வந்து பதிவான நேரத்திலிருந்து கணக்கு, உங்கள் வாசலிலிருந்து அல்ல. ஞாயிறு கணக்கில் வராமலும் போகலாம். சனிக்கிழமை மாலை கொடுத்தால் திங்கள் இரவு வரும். திங்கள் காலை அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டையை அந்தப் பையில் போட்டவர்தான் கடையை நொந்துகொள்வார். விரைவுச் சேவை என்று ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ வாங்குகிறார்களே, அதில் துணி வேகமாகத் துவைக்கப்படுவதில்லை. வரிசையில் முன்னால் நகர்கிறது, அவ்வளவுதான். தேய்க்காமல் மடித்து மட்டும் கேட்டால் கூடுதல் காசு இல்லாமலே பெரும்பாலும் சீக்கிரம் வரும். எந்தச் சலவைக்கூடத்திலும் நெரிசல் தேய்க்கும் மேசையில்தான். மெஷின் ஒரே நேரத்தில் பத்து கிலோ துவைக்கும். கை ஒரு சட்டையைத்தான் தேய்க்கும்.

டிரை கிளீனிங் ஏன் நாலைந்து நாள் எடுக்கிறது என்பது இன்னொரு கதை. அக்கம்பக்கத்துக் கடைகள் பலவற்றில் அந்த மெஷின் இருக்காது. வாரத்தில் சில நாள் மட்டும் துணிகள் மூட்டையாகப் பெரிய ஆலைக்குப் போகும். டிரை கிளீனிங்கில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் ஒரு ரசாயனத் திரவம். கடைக்காரர்கள் ‘பெட்ரோல் வாஷ்’ என்று சொல்வதில் இருப்பது பெட்ரோலியத்திலிருந்து எடுத்த டர்பன்டைன் வகை. பெரிய மெஷின்களில் பெர்க்ளோரோஎத்திலீன், சுருக்கமாகப் பெர்க். திரவம் விலை கூடியது. அதை வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அதனால் மெஷின் நிறைகிற அளவுக்குத் துணி சேராமல் ஓட்ட மாட்டார்கள். இங்கும் வெளிர் நிறமும் அடர்நிறமும் தனித்தனிச் சுற்று என்பதால், உங்கள் சந்தன நிறப் பட்டு மற்ற சந்தன நிறங்களுக்காகக் காத்துக்கிடக்கும். கல்யாண மாதங்களில் கூட்டம் நிறைவதால் சுற்று சீக்கிரம் ஓடும், ஆனால் வரிசை நீளும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எந்தக் கெடுவையும் நம்பாமல் இருப்பது உத்தமம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நேரக் கணக்கு வேறு விதமாகக் கெடுகிறது. டிரையர் இல்லாத, கொடியில் உலர்த்துகிற கடையில் துணி காயாது. கெடு தவறக் கூடாதே என்று அரைகுறையாக உலர்ந்ததை அயர்ன் போட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்து அனுப்புவார்கள். மேலே சூடாக, மொடமொடப்பாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் பீரோவைத் திறந்தால் ஊத்த வாடை. கண்டுபிடிக்க எளிய வழி: ஜீன்ஸின் இடுப்புப் பட்டி, சட்டைக் காலர், பாக்கெட் ஓரம் ஆகிய தடித்த தையல் இடங்களைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. புறங்கைக்கு ஜில்லென்று பட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. உடனே உறையிலிருந்து எடுத்து மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட வேண்டும்.

இனி ரூபாய்க்கு வருவோம். கிலோதான் மலிவு என்று பொதுவாக ஒரு நம்பிக்கை. ஒரு பையைப் பிரித்துப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியும். விலை கடைக்குக் கடை மாறும் என்பதால், கணக்குப் புரிவதற்காக ஒரு விலைப்பட்டியலை நாமே வைத்துக்கொள்வோம். துவைத்து மடிக்கக் கிலோவுக்கு 80 ரூபாய், துவைத்துத் தேய்க்கக் கிலோவுக்கு 120. பீஸ் கணக்கில் துவைத்துத் தேய்க்க, சட்டைக்கு 30, பேன்ட்டுக்கு 35, டி-ஷர்ட்டுக்கு 25, ஜீன்ஸுக்கு 45, குளியல் துண்டுக்கு 30, இரட்டைக் கட்டில் விரிப்புக்கு 80.

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டின் வாரப் பையில் ஐந்து சட்டை, நான்கு பேன்ட், ஆறு டி-ஷர்ட், இரண்டு ஜீன்ஸ், நான்கு பெரிய துண்டு, இரண்டு விரிப்பு இருப்பதாகக் கொள்வோம். சட்டை ஒன்று கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஜீன்ஸ் ஏறக்குறைய முக்கால் கிலோ. தடித்த துண்டு அரைக் கிலோ. மொத்தப் பை 8.7 கிலோ அளவுக்கு வரும். அத்தனையையும் தேய்க்கச் சொல்லிக் கிலோ கணக்கில் கொடுத்தால் 1,044 ரூபாய். அதே பையைப் பீஸ் கணக்கில் எண்ணினால் 810 தான்.

காரணம் துண்டும் ஜீன்ஸும். கிலோ 120 ரூபாயில் அரைக் கிலோத் துண்டு 60 ரூபாயாகிறது. பீஸில் அது 30. ஜீன்ஸ் கிலோவில் 84, பீஸில் 45. சட்டை, டி-ஷர்ட் போன்ற லேசான துணிகளுக்குத்தான் கிலோ லாபம், கனமானவை அந்த லாபத்தை விழுங்கிவிடுகின்றன. போதாததற்கு, துண்டை யார் தேய்த்துப் பயன்படுத்துகிறார்கள்? தேய்த்தால் அதன் நூல் படிந்து ஈரம் உறிஞ்சுவதும் குறையும்.

சரி, பையை இரண்டாகப் பிரித்தால்? சட்டையும் பேன்ட்டும் 2.7 கிலோ, தேய்ப்பதற்கு. மற்ற ஆறு கிலோ, மடிப்பதற்கு. கூட்டினால் 324ம் 480ம் சேர்ந்து 804 ரூபாய். பீஸ் கணக்கைவிட ஆறு ரூபாய்தான் குறைவு. அதுவும் ஒவ்வொரு பைக்கும் குறைந்தபட்சம் மூன்று கிலோ என்று நிபந்தனை இருந்தால், 2.7 கிலோ மூன்றாகி, தொகை 840க்கு ஏறிவிடும். எல்லாவற்றையும் மடிக்க மட்டும் கொடுத்து, ஒன்பது சட்டை பேன்ட்டைத் தெருமுனை அயர்ன் வண்டியில் துணிக்கு 15 ரூபாய் வீதம் தேய்த்தாலும் 831தான் வருகிறது. ஆக, நான்கு வழிகளில் மூன்று ஏறக்குறைய ஒரே விலை. யோசிக்காமல் மொத்தத்தையும் கிலோவில் தேய்க்கக் கொடுக்கிற அந்த ஒரு வழியில்தான் 200 ரூபாய்க்கு மேல் போகிறது. துரதிருஷ்டவசமாக அவசரத்தில் எல்லோரும் தேர்ந்தெடுப்பதும் அதைத்தான்.

எடை போடும்போது துணி உலர்ந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் குளித்துவிட்டுப் போட்ட துண்டை ஈரத்தோடு பையில் திணித்தால் தண்ணீருக்கும் கிலோ விலைதான். கூடவே, பை மூடிக் கிடக்கும் அரை நாளில் பக்கத்துத் துணியில் கரும்புள்ளிப் பூஞ்சை பிடிக்கவும் வழி செய்கிறோம். அந்தப் புள்ளி எந்தச் சலவைக்கும் முழுதாகப் போகாது.

பீஸ் கணக்கில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பீஸ் என்றால் எது? சுடிதார் செட் ஒரு பீஸா, டாப், பேன்ட், துப்பட்டா என மூன்றா? வேட்டியும் அங்கவஸ்திரமும் ஒன்றா இரண்டா? புடவையோடு வரும் பிளவுஸ் கணக்கில் சேருமா? பட்டுப்புடவைக்கு எழுதிய விலை வெறும் டிரை கிளீனிங்குக்கா, ரோல் பிரஸ் சேர்த்தா? பருத்திப் புடவைக்குக் கஞ்சி தனியா? இவை ஒவ்வொன்றும் ரசீதில் தனி வரியாக முளைக்கக்கூடியவை. வரி தனி என்று அடியில் பொடி எழுத்தில் இருப்பதும் அப்படியே. முதல் முறை தருவதற்கு முன் இந்த நான்கைந்து கேள்வியைக் கேட்டுவிட்டால் அப்புறம் வாசலில் வாக்குவாதம் வராது.

தனிக் கவனிப்பு என்ற மூன்றாவது வாக்குறுதிதான் மிகவும் வழவழப்பானது. இதில் கடைக்காரரின் பங்கு பாதி, கொடுப்பவரின் பங்கு பாதி. துணியின் உள்பக்கத் தையலில் இருக்கும் சிறு பட்டையை நம்மில் பலர் உறுத்துகிறது என்று வெட்டிப் போட்டுவிடுகிறோம். அதில்தான் எல்லாம் எழுதியிருக்கிறது. தொட்டிப் படம் தண்ணீர்ச் சலவைக்கு. முக்கோணம் வெளுப்பு மருந்துக்கு. சதுரம் உலர்த்துவதற்கு. வட்டம் டிரை கிளீனிங்குக்கு. இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, மூன்று புள்ளி என்றால் நல்ல சூடு. எந்தப் படத்தின் மேல் பெருக்கல் குறி விழுந்திருக்கிறதோ அதைச் செய்யக் கூடாது. பட்டை இல்லாத துணியை ஊகத்தில்தான் துவைப்பார்கள்.

நம் வீடுகளில் அதிக அக்கறையோடு கொடுக்கப்படும் துணி பட்டுப்புடவை. காஞ்சிபுரம் புடவையை ஏன் தண்ணீரில் போடக் கூடாது என்கிறார்கள்? உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அரக்குக் கரையின் சாயம் தண்ணீரில் இளகி, பக்கத்தில் இருக்கும் வெளிர் உடலில் இறங்கினால் திருப்பி எடுக்க வழியில்லை. டிரை கிளீனிங் திரவம் தண்ணீரைப் போலச் சாயத்தை இளக்குவதில்லை. இன்னொரு காரணம், வீட்டில் புழங்கும் சலவைத்தூள். பட்டு என்பது புரதம். கறையில் உள்ள புரதத்தைத் தின்னச் சலவைத்தூளில் சேர்க்கும் நொதிக்குப் புரதக் கறையும் பட்டு நூலும் ஒன்றுதான். குளோரின் வெளுப்பு மருந்து பட்டையும் கம்பளியையும் கரைத்தே விடும்.

அதற்காக டிரை கிளீனிங் எல்லாக் கறைக்கும் மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. அது எண்ணெயை எடுக்கும், நெய்யை எடுக்கும், லிப்ஸ்டிக்கைக்கூட எடுக்கும். வியர்வை உப்பும் காபியும் சர்க்கரையும் தண்ணீரில் கரைபவை. அவை அந்தத் திரவத்தில் அப்படியே நிற்கும். பிளவுஸின் கைக்குழியில் வியர்வைக் கோடு டிரை கிளீனிங் போய்வந்த பிறகும் இருப்பது இதனால்தான். நல்ல ஆலையில் துணியை மெஷினில் போடுவதற்கு முன் கறை எடுப்பவர் ஒருவர் ஒவ்வொரு கறையையும் தனியாகப் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் தண்ணீர் கலந்த மருந்தை வைத்து எடுப்பார். கறை எது என்று அவருக்குச் சொன்னால்தான் அது நடக்கும். ரசீதில் வெறுமனே கறை என்று எழுதாமல், சாம்பாரா, காபியா, இளநீரா என்று எழுதச் சொல்வது நல்லது.

இளநீர் விசேஷமானது. சிந்தும்போது வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும், காய்ந்தால் ஒன்றும் தெரியாது. அதில் உள்ள சர்க்கரையும் பிற பொருள்களும் காற்றிலும் சூட்டிலும் நாள்பட நிறம் மாறும். டிரையர் வெப்பமோ இஸ்திரிப் பெட்டியோ பட்டதும் பழுப்பாக எழும்பி நிற்கும். கொடுக்கும்போது கறையே இல்லை, நீங்கள்தான் பாழாக்கினீர்கள் என்று வாடிக்கையாளர் சொல்வார். நாங்கள் எதுவும் சிந்தவில்லை என்று கடைக்காரர் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மை. பழச்சாறும் வெள்ளை நிறக் குளிர்பானமும் இதே வேலையைச் செய்யும். கல்யாணத்தில் எதையாவது சிந்தியிருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்த இடத்தில் ஒரு நூலைக் கட்டிக் காட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

மஞ்சள் கறையில் நேர்மாறான பீதி. வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பட்டதும் பதறிப்போய்ச் சோப்பைத் தேய்த்தால் கறை சிவப்பாகிவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், அலசியதும் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும். துணிக்கு அதனால் கேடில்லை. அலசிய பிறகு மிஞ்சும் மஞ்சளை வெயில் வெளுத்துவிடும், குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. ஆனால் கொடுப்பதற்கு முன் வெந்நீரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துக் கறையை நூலுக்குள் ஏற்றிவிட்டால் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆரி வேலைப்பாட்டு பிளவுஸுக்கு ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். நூலில் கோத்துத் தைத்த மணியும் கல்லும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பசையால் ஒட்டிய கல் டிரை கிளீனிங் திரவத்தில் பசை கரைந்து உதிரும். சில வகைப் பிளாஸ்டிக் மணிகள் பெர்க்கில் உருகிக் குழைந்துவிடும். கல்லை நகத்தால் லேசாக அசைத்தால் நூல் தெரிகிறதா என்று பார்க்கலாம். நூல் தெரியாவிட்டால் பசை என்று வைத்துக்கொண்டு, அதை மெஷினில் போட வேண்டாம், கையால் சுத்தம் செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். திரும்பி வந்த டிரை கிளீனிங் துணியில் மருந்து வாடை தூக்கலாக இருந்தால் அது சுத்தத்தின் மணம் அல்ல, திரவம் முழுதாக ஆவியாகவில்லை என்பதன் அடையாளம். உறையைக் கழற்றிக் காற்றாட ஒரு நாள் தொங்கவிட்ட பிறகே பீரோவில் வைக்கலாம். பெர்க் உடலுக்கு நல்லதல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2024 டிசம்பரில், டிரை கிளீனிங் கடைகள் பத்தாண்டுகளில் அதைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது.

இவ்வளவு பார்த்தும் வெள்ளைத் துணி மாதக்கணக்கில் மெல்லச் சாம்பல் பூத்துவந்தால், பழி மெஷின் மீதோ சோப்பு மீதோ அல்ல, தண்ணீர் மீது. பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பும் கடினமுமானது. கடின நீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து நுரையாமல் திப்பியாகி நூலிடுக்கில் படியும். துண்டு விறைக்கும், வெள்ளை மங்கும். அக்கறையுள்ள சலவைக்கூடம் தண்ணீரை மென்மையாக்கும் கருவி ஒன்றை வைத்திருக்கும், அதற்கு உப்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். உங்களிடம் சாஃப்ட்னர் பிளான்ட் இருக்கிறதா, உப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இருக்கிற கடைக்காரர் உற்சாகமாகப் பதில் சொல்வார்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும் செய்ய வேண்டியது அதிகமில்லை. பீஸ் கணக்கில் வாசலிலேயே எண்ணி, எண்ணிக்கையை ரசீதில் ஏற்ற வேண்டும். விலை கூடிய துணியைக் கட்டிலில் விரித்து, ஏற்கெனவே உள்ள கிழிசலும் கறையும் தெரிய ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். பாக்கெட்டைத் துழாவ வேண்டும், ஒரு மை பேனா பத்து கிலோவைக் கெடுக்கும். திரும்பி வந்ததும் உறையைப் பிரித்துப் பார்ப்பதை ஒத்திப்போடக் கூடாது. பல நிறுவனங்கள் 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் சொன்னால்தான் புகாரை ஏற்கும். அந்த எண் ரசீதின் பின்பக்கம் இருக்கும். துணியில் குத்திய சீட்டையும் அதுவரை பிய்க்காமல் வைத்திருப்பது நல்லது. எந்த நாள், எந்தச் சுற்றில் போனது என்று தேட அதுதான் பிடி.

ரசீதின் பின்பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கும். துணி கெட்டாலோ தொலைந்தாலோ சலவைக் கட்டணத்தின் இத்தனை மடங்குதான் ஈடு தரப்படும் என்று. பத்து மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும், 300 ரூபாய் கட்டணத்துக்கு 3,000. புடவையின் விலை 25,000 ஆக இருந்தால் அந்த வரி என்ன சொல்கிறது என்பது கொடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மதிப்பு மிக்க துணி என்று ரசீதில் விலையைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. மறுக்கிற கடையில் அந்தப் புடவையைக் கொடுக்காமல் இருக்கலாம்.

அந்த வரியை அச்சடித்துவிட்டதாலேயே விஷயம் முடிந்துவிடுவதும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு செய்யும் சலவை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் ஒரு சேவை. அதில் குறைபாடு என்றால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். நிறுவனத்தோடு பேசித் தீர்க்க அவர்கள் முயல்வார்கள். அது பலிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். நிறுவனம் எங்கே இருந்தாலும் சரி, மனு செய்பவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை. கேட்கப்படுவது ஆதாரம்தான்: சலவை ரசீது, கொடுக்கும் முன் எடுத்த படம், கெட்டுப்போன துணி, அதை வாங்கிய கடையின் பில். கடைசியில் சொன்னதுதான் பெரும்பாலும் கிடைக்காது. புடவைப் பெட்டியிலேயே பில்லை வைத்துவிடுகிற வீடுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.